ஷார்ட் ஸ்க்வீஸ்: செங்குத்தாக ஏறும் சார்ட்டில் வாங்குவது யார்?

அமெரிக்காவின் கேம்ஸ்டாப் நிறுவனப் பங்கின் சார்ட்டை 2021 ஜனவரிக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். திரையில் GME என்று தேடினால் வரும். மாதத்தின் முதல் ஏழு வர்த்தக நாட்கள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். பிறகு ஒரு நாள் திடீரென்று ஒரு நீண்ட பச்சை கேண்டில். அதன்பின் சில நாள் அமைதி. அடுத்து ஒரே வாரத்தில் தென்னை மரம் போல நேராக ஒரு ஏற்றம், ஏறிய வேகத்திலேயே இறக்கம்.

பார்க்கும்முன் ஒரு எச்சரிக்கை. 2022 ஜூலையில் இந்தப் பங்கை நான்காகப் பிரித்தார்கள். அதனால் இன்றைய சார்ட்டில் பழைய விலைகள் எல்லாம் நான்கால் வகுத்துத்தான் தெரியும். அன்று 483 டாலர் தொட்ட உச்சம் இன்று திரையில் 120 சொச்சமாக இருக்கும். இங்கே நான் சொல்வது எல்லாம் அன்றைய நிஜ விலைகள்.

இந்த வடிவத்தைத்தான் ஷார்ட் ஸ்க்வீஸின் கையெழுத்து என்கிறார்கள். அதைப் படிக்க, முதலில் ஷார்ட் போட்டவர், அதாவது விலை இறங்கும் என்று நம்பிப் பங்கைக் கடன் வாங்கி விற்றவர், எங்கே மாட்டிக்கொள்கிறார் என்று புரிய வேண்டும். அதைச் சின்னக் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

கேம்ஸ்டாப் என்பது மால்களில் வீடியோ கேம் டிஸ்க்கும் கன்சோலும் விற்கும் கடைத்தொடர். கேமை நேரடியாக டவுன்லோடு செய்யும் காலம் வந்தபிறகு டிஸ்க் கடைக்கு என்ன வேலை? கொரோனா வேறு சேர்ந்துகொண்டது. நிறுவனம் நஷ்டத்தில் இருந்தது. விலை இறங்கும் என்று நினைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் சொன்ன காரணம் நியாயமானது. அப்படி நினைத்த ஒருவர் 20 டாலர் விலையில் 100 பங்குகளைக் கடன் வாங்கி விற்கிறார் என்று வையுங்கள். விற்ற காசு 2,000 டாலர் கணக்கிலேயே முடங்கி நிற்கும். அமெரிக்க விதிப்படி அவர் தன் கையிலிருந்து அதில் பாதி, அதாவது 1,000 டாலர், ஈடாகப் போட வேண்டும். ஆக கணக்கில் 3,000 டாலர். அவர் கடன்பட்டிருப்பது பணமாக அல்ல, 100 பங்குகளாக. விலை 10 டாலருக்கு இறங்கினால் 1,000 டாலருக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆயிரம் லாபத்தோடு போவார்.

ஏறினால்? அந்த 100 பங்குகளின் அன்றைய மதிப்புபோக, அதற்கு மேலே 30 சதவீதமாவது கணக்கில் எப்போதும் இருக்க வேண்டும் என்பது அங்கே குறைந்தபட்ச விதி. 3,000 டாலரை 1.3 ஆல் வகுத்தால் சுமார் 2,308. அதாவது விலை 23 டாலரைத் தாண்டிய நிமிடமே இன்னும் ஈடு கட்டு என்று புரோக்கரிடமிருந்து மார்ஜின் கால் வந்துவிடும். 20 லிருந்து 23 என்பது வெறும் 15 சதவீத ஏற்றம்தான். பணம் கட்டாவிட்டால் புரோக்கரே சந்தையில் அந்தப் பங்குகளை வாங்கி ஷார்ட்டை முடித்துவிடுவார். ஆபத்தான பங்கு என்றால் 30 சதவீதத்தைவிட அதிகமாகவும் கேட்பார்கள்.

2021 ஜனவரி 12 அன்று GME 19.95 டாலரில் முடிந்தது. மறுநாள் 31.40 இல் முடிந்தது. நம்முடைய ஷார்ட்காரர் இப்போது 3,140 டாலர் மதிப்புள்ள பங்குகளைத் திருப்பித் தர வேண்டும். கணக்கிலோ 3,000 தான் இருக்கிறது. போட்ட ஆயிரமும் போய், மேலே 140 டாலர் கடன். ஒரே நாளில்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் வாங்கிய பங்கு ஏறினால் நாம் விற்போம் அல்லது வைத்திருப்போம். அது நம் இஷ்டம். ஷார்ட் போட்டவருக்கு விலை ஏற ஏற வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம் வருகிறது. விலை கூடினால் வாங்க வருபவர் குறைவார் என்பதுதான் சந்தையின் வழக்கம். ஸ்க்வீஸில் அது தலைகீழாகிறது: விலை கூடக்கூட, விலையைப் பார்க்காமல் வாங்கும் ஆட்கள் கூடுகிறார்கள். ஒருவர் வாங்குவதால் ஏறும் விலை, அடுத்தவருக்கு மார்ஜின் காலாகப் போய்ச் சேருகிறது.

இது நடக்க, மாட்டிக்கொள்ளக்கூடிய ஆட்கள் நிறைய இருக்க வேண்டும். அதைத்தான் ஷார்ட் இன்ட்ரஸ்ட் என்ற எண் காட்டுகிறது. கடன் வாங்கி விற்று, இன்னும் திருப்பித் தராத மொத்தப் பங்குகள் எத்தனை என்பதே அது. வழக்கமாக அதைச் சந்தையில் கைமாறக் கிடைக்கும் பங்குகளின் சதவீதமாகச் சொல்வார்கள். நிறுவனர்களும் பெரிய முதலீட்டாளர்களும் பூட்டி வைத்திருக்கும் பங்குகள் இதில் சேராது. பெரிய நிறுவனங்களில் ஒன்றிரண்டு சதவீதம் சாதாரணம். இருபதைத் தாண்டினாலே அதிகம் என்று பேசுவார்கள். கேம்ஸ்டாப்பில் அது நூறைத் தாண்டியிருந்தது. நிறுவனத்தின் மொத்தப் பங்குகளே 7 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. 2020 டிசம்பர் இறுதிக் கணக்கில் ஷார்ட் ஆகியிருந்தவை சுமார் 7.1 கோடி.

இருப்பதைவிட அதிகமாக எப்படி விற்க முடியும், ஏதோ மோசடி என்று அப்போது பலர் கொதித்தார்கள். மோசடியே தேவையில்லை. ஒரு பங்கை நான் கடன் வாங்கி உங்களுக்கு விற்கிறேன். அது உங்கள் மார்ஜின் கணக்கில் போய் உட்காருகிறது. உங்கள் புரோக்கர் அதே பங்கை இன்னொருவருக்குக் கடன் கொடுக்கலாம்; அவரும் அதை விற்கலாம். பங்கு ஒன்று, ஷார்ட் கணக்கில் இரண்டு. ஒரே அண்டாவை ஒரு தெருவில் மூன்று வீட்டார் மாற்றி மாற்றி இரவல் கொடுத்த கதைதான். எல்லோரும் ஒரே நாளில் திருப்பிக் கேட்கும்வரை சிக்கல் தெரியாது.

இந்தச் சதவீதத்தைப் பார்க்கும்போது எதால் வகுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். அன்று செய்திகளில் 140 சதவீதம் என்று ஓடியது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் பின்னால் வெளியிட்ட அறிக்கை ஏறக்குறைய 123 என்றது. கைமாறக் கிடைக்கும் பங்குகள் எத்தனை என்பதில் ஆளுக்கொரு மதிப்பீடு இருப்பதால் வரும் வித்தியாசம் இது.

நாட்கணக்கு என்று இன்னொரு எண்ணும் உண்டு. ஷார்ட் ஆன பங்குகளை, ஒரு நாளில் சராசரியாகக் கைமாறும் பங்குகளால் வகுப்பது. 7 கோடி ஷார்ட்டும் தினமும் 1 கோடி வியாபாரமும் என்றால், வேறு யாருமே வாங்காமல் ஷார்ட்காரர்கள் மட்டும் வாங்கினாலும் எல்லோரும் வெளியேற 7 நாள் ஆகும். கதவு எவ்வளவு குறுகல் என்பதை இது சொல்லும். ஆனால் ஷார்ட் அதிகம் என்பதாலேயே ஸ்க்வீஸ் வந்துவிடாது. கேம்ஸ்டாப்பில் பல மாதங்களாகவே ஷார்ட் மலை போலக் குவிந்து கிடந்தது. வைக்கோற்போர் இருந்தால் மட்டும் பற்றிக்கொள்ளுமா, தீப்பொறி வேண்டுமே. இங்கே ஜனவரி 11 அன்று, நாய் பூனை உணவுகளை ஆன்லைனில் விற்கும் சூயி நிறுவனத்தைத் தொடங்கிய ரயன் கோஹன் கேம்ஸ்டாப் இயக்குநர் குழுவில் சேருகிறார் என்று அறிவிப்பு வந்தது. ரெட்டிட் இணையதளத்தில் இந்தப் பங்கை வாங்கச் சொல்லி ஏற்கெனவே கூடியிருந்த கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது சார்ட்டுக்கு வருவோம். விலைக் கேண்டில்களோடு அடியில் இருக்கும் வால்யூம் கட்டைகளையும் சேர்த்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்தச் சார்ட்டில் கதை சொல்வது வால்யூம்தான். விலை கண்ணைப் பறிக்கும், அவ்வளவே.

ஜனவரி 13. முந்தைய நாள் ஒரு கோடிக்கும் குறைவாகக் கைமாறிய பங்கு அன்று 14 கோடிக்கு மேல் கைமாறியது. மொத்தப் பங்குகளைப் போல இரண்டு மடங்கு. விலை 57 சதவீதம் ஏற்றம். அதற்குப் பிறகு ஒரு வாரம் 35க்கும் 43க்கும் இடையே ஊசலாடியது. ஏறியது முழுசாக இறங்கவில்லை என்பதே அங்கே செய்தி. ஷார்ட்காரர்களுக்கு, இறங்கட்டும், அப்போது வாங்கி முடித்துக்கொள்வோம் என்ற வாய்ப்பு கிடைக்கவில்லை.

ஜனவரி 22, வெள்ளி. 65 டாலரில் முடிந்தது, 51 சதவீத ஏற்றம். வால்யூம் ஏறக்குறைய 20 கோடி. இந்த முழு நாடகத்திலும் மிக அதிகமாகப் பங்குகள் கைமாறிய நாள் இதுதான். உச்ச விலை வந்தது இதற்கு ஆறு நாள் கழித்து.

25ஆம் தேதி கேண்டிலை உற்றுப் பாருங்கள். நாளுக்குள் 159 டாலர் தொட்டு, 76.79 இல் முடிந்தது. உடம்பைவிடப் பல மடங்கு நீளமான மேல்நிழல். முந்தைய நாளைவிட 18 சதவீதம் மேலே முடிந்ததாகத்தான் கணக்கு. ஆனால் அன்று 150க்கு வாங்கியவர் சாயங்காலம் பாதிப் பணத்தோடு நின்றார். ஏற்ற நாளிலேயே வாங்கியவர் பாதியை இழக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை.

26ஆம் தேதி 147.98. 27ஆம் தேதி முந்தைய நாள் முடிவிலிருந்து ஒரே தாவலாக 350க்கு மேல் திறந்து, 347.51 இல் முடிந்தது. ஒரே நாளில் 135 சதவீதம். 28ஆம் தேதி காலையில் 483. இப்போது அடியில் இருக்கும் கட்டைகளைப் பாருங்கள். 22இல் ஏறக்குறைய 20 கோடி, 26இல் 18 கோடிக்குச் சற்றுக் குறைவு, 27இல் 9 கோடி சொச்சம், 28இல் 6 கோடிக்கும் குறைவு. விலை மேலே போகிறது, கைமாறும் பங்குகள் குறைகின்றன. விலை ஏறியதால் கைமாறிய பணம் கூடத்தான் செய்தது, பங்குகள்தான் குறைந்தன. விற்க வைத்திருந்தவர்கள் பலர் விற்றாகிவிட்டது. மிச்சம் இருப்பவர்கள் விற்க மறுக்கிறார்கள். அதனால் கொஞ்சம் பேர் வாங்கினாலே விலை எகிறும். அதே காரணத்தால் கொஞ்சம் பேர் விற்றாலே சரியும். மெல்லிய பனிக்கட்டி மேல் லாரி நிற்பது போன்ற விலை அது.

சரி, உச்சத்தில் வாங்கியது ஷார்ட்காரர்கள்தானே என்று கேட்கலாம். விரட்டி வாங்கும் எல்லோரும் நம்புவது இதைத்தான்: இன்னும் ஷார்ட்காரர்கள் பாக்கி இருக்கிறார்கள், அவர்கள் என்னிடம் எந்த விலைக்கும் வாங்கியே தீரவேண்டும். நான் சொன்ன அந்த ஆணையம் கணக்கு கணக்காகப் புரட்டிப் பார்த்து 2021 அக்டோபரில் சொன்னது வேறு. ஷார்ட்டை முடிக்க வாங்கியவர்கள் இருந்தார்கள், சில நேரங்களில் விலையை நன்றாகவே தூக்கினார்கள். ஆனால் மொத்த வாங்கலில் அது ஒரு சிறு பங்குதான். அவர்கள் வாங்கியதன் தாக்கம் அடங்கியிருக்க வேண்டிய நேரத்துக்குப் பிறகும் விலை மேலேயே நின்றது. நிறுத்தியது ஆர்வத்தில் வந்து வாங்கிய கூட்டம். அதே அறிக்கையில் இன்னொரு எண்: மாதத் தொடக்கத்தில் ஒரு நாளில் GME வியாபாரம் செய்த கணக்குகள் 10,000க்கும் குறைவு. ஜனவரி 27 அன்று ஏறக்குறைய 9 லட்சம்.

அந்த 9 லட்சத்தையும் வால்யூம் கட்டைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஸ்க்வீஸ் என்று ஊர் முழுக்கத் தெரியும் நாளில், கட்டாயப்பட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வாங்கி முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வாங்குபவர்கள் யாருக்கும் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாதவர் எந்த நிமிடமும் மனம் மாறலாம்.

ஜனவரி 28ஐ கிட்டே நின்று பார்ப்போம். நம்மூர் நேரம் இரவு 8 மணிக்குச் சந்தை திறந்தது. 265இல் தொடங்கி அரை மணி சொச்சத்தில் 483. அன்றைக்கு ராபின்ஹுட் உட்படச் சில புரோக்கர்கள் இந்தப் பங்கில் விற்க மட்டும்தான் முடியும், புதிதாக வாங்க முடியாது என்று அறிவித்திருந்தார்கள். சதி என்று கூச்சல் எழுந்தது. பின்னால் வெளிவந்த காரணம் சாதாரணமானது: அப்போது அங்கே ஒரு வியாபாரம் முடிந்து பணமும் பங்கும் கைமாற இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளுக்கான ஈட்டுத்தொகையை புரோக்கர்கள் கிளியரிங் நிறுவனத்தில் கட்ட வேண்டும். விலை இப்படிக் குதித்ததால் அன்று விடியற்காலையில் ராபின்ஹுட்டிடம் சுமார் 300 கோடி டாலர் கேட்டார்கள். பிறகு குறைத்துக்கொண்டார்கள், ஆனால் வாங்கும் கதவு அடைபட்டது.

காரணம் எதுவாக இருந்தாலும், உச்சத்தில் வாங்கி வைத்திருந்தவருக்கு விளைவு ஒன்றுதான். தன்னிடமிருந்து வாங்க வேண்டிய கூட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது. விலை 112 டாலர் வரை சரிந்தது. அது ஒரே வழுக்காகவும் சரியவில்லை. சில நிமிடங்களில் விலை அளவுக்கு மீறி நகர்ந்தால் அங்கே பங்கின் வியாபாரத்தையே 5 நிமிடம் நிறுத்திவிடுவார்கள். அன்று அப்படித் திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள். நிற்கும்போது விற்க முடியாது, திறக்கும்போது விலை வேறு இடத்தில் இருக்கும். அன்று 193.60இல் முடிந்து, மறுநாள் 325க்குத் திரும்ப ஏறியது. பலரை உள்ளே இழுத்தது இந்த இரண்டாவது ஏற்றம்தான் என்பது என் எண்ணம். தப்பவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு போல அது தெரிந்தது.

ஸ்டாப் லாஸ் போட்டுக்கொண்டு இறங்கினால் என்ன என்பது அடுத்த கேள்வி. பிப்ரவரி 1 அன்று GME 225இல் முடிந்தது. நீங்கள் அன்று அந்த விலைக்கு 10 பங்கு வாங்கி, 200க்கு ஸ்டாப் லாஸ் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்குக்கு 25, மொத்தம் 250 டாலர்தான் நஷ்டக் கணக்கு. மறுநாள் பங்கு திறந்ததே 140 சொச்சத்தில். 200 என்ற விலை அங்கே வியாபாரமே ஆகவில்லை. ஸ்டாப் லாஸ் என்பது அந்த விலையைத் தொட்டால் கிடைக்கிற விலைக்கு விற்றுவிடு என்ற உத்தரவுதான். அந்த விலையே கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. உங்களுக்கு 140 சுமாருக்கு விற்றிருக்கும். 250 டாலர் நஷ்டம் 850 ஆகிவிட்டது. இத்தனைக்கும் ஒழுங்காக ஸ்டாப் லாஸ் போட்டவரின் கதை இது. 200க்குக் கீழே விற்காதே என்று லிமிட் போட்டவருக்கு விற்பனையே நடந்திருக்காது. பங்கு அன்று 90இல் முடிந்தது, பிப்ரவரி 4இல் 53.50.

சரி, நானே உச்சத்தில் ஷார்ட் போடுகிறேன் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. 25ஆம் தேதி 150இல் ஷார்ட் போட்டவர் அன்று சாயங்காலம் ராஜா. இறங்கட்டும் என்று வைத்திருந்தால் இரண்டே நாளில் 347. இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

நம்மூர்ச் சந்தையில் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்குப் பேச்சு. இங்கே சில்லறை முதலீட்டாளர் பங்கை ரொக்கச் சந்தையில் ஷார்ட் போட்டால் அன்றைக்கே முடித்தாக வேண்டும். நாட்கணக்கில் ஷார்ட் வைத்திருக்க ஃபியூச்சர்ஸ் அல்லது ஆப்ஷன்ஸ் வேண்டும், அது குறிப்பிட்ட சில பங்குகளுக்குத்தான் உண்டு. பங்கைக் கடன் வாங்கும் வசதி இருக்கிறது, புழக்கம் மிகக் குறைவு. ஆகவே ஃபியூச்சர்ஸ் இல்லாத ஏதோ ஒரு குட்டிப் பங்கு தினமும் அப்பர் சர்க்யூட் அடிப்பதைக் காட்டி, இது ஷார்ட் ஸ்க்வீஸ், கேம்ஸ்டாப் மாதிரி என்று டெலிகிராமில் யாராவது சொன்னால், அங்கே மாட்டிக்கொள்ள ஷார்ட்காரர் யார் என்று கேட்டுப் பாருங்கள். சார்ட் ஒரே மாதிரி இருக்கும். ஏற்றுகிறவர் வேறு ஆள்.

கடைசியாக, அந்த ஷார்ட் இன்ட்ரஸ்ட் எண் எவ்வளவு பழசு என்பது. அமெரிக்காவில் புரோக்கர்கள் அதை மாதம் இருமுறைதான் கணக்குக் கொடுக்கிறார்கள். கணக்கெடுத்த தேதியிலிருந்து வெளியாவதற்கு மேலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஜனவரி கடைசியில் எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு பேசிய அதிகாரபூர்வ எண் ஜனவரி 15ஆம் தேதிக்கு உரியது: சுமார் 6.2 கோடிப் பங்குகள் ஷார்ட். நடுவில் தனியார் நிறுவனங்கள் மதிப்பீடுகளை வெளியிட்டன. ஷார்ட் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று சில மதிப்பீடுகள் சொன்னபோது, பயமுறுத்தி விற்க வைக்கிறார்கள் என்று பலர் அதை நம்ப மறுத்தார்கள். அடுத்த அதிகாரபூர்வ எண் ஜனவரி 29ஆம் தேதிக் கணக்கு. அது பிப்ரவரி 9 அன்று வெளியானது: சுமார் 2.1 கோடி. இடைப்பட்ட இரண்டு வாரத்தில் 4 கோடி ஷார்ட் முடிந்து போயிருந்தது. இன்னும் ஸ்க்வீஸ் தொடங்கவே இல்லை என்று நம்பி 300க்கு வாங்கியவர்கள் அந்த எண்ணைப் பார்த்த அன்று பங்கின் விலை 50 டாலர் சொச்சம்.